கல்யாண கேசட்டும் சதுரத் திரையும்

1990களில் தமிழ்நாட்டில் எடுத்த எந்தக் கல்யாண கேசட்டைப் போட்டுப் பார்த்தாலும் படத்தின் வடிவம் ஒன்றுதான். அகலம் நான்கு பங்கு, உயரம் மூன்று பங்கு. வீடியோகாரரின் தோளில் இருந்த கேமராவும் அந்த வடிவம், வீட்டுக் கூடத்தில் இருந்த டிவியும் அந்த வடிவம். எடுத்தது எப்படியோ, பார்த்ததும் அப்படியே. படத்துக்கு வடிவம் என்று ஒன்று இருக்கிறது என்பதே வீட்டில் யாருக்கும் தோன்ற வேண்டிய தேவை இருக்கவில்லை. சினிமாஸ்கோப் படங்களை டிவியில் போடும்போது மட்டும் அது கண்ணில் பட்டது. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான ‘ராஜராஜ சோழன்’ 1973இல் வந்தது. அப்படிப்பட்ட அகலமான படங்களைப் பெட்டி டிவிக்குக் கொண்டுவர மூன்றே வழிகள் இருந்தன: இரு பக்கத்தையும் வெட்டுவது, மேலும் கீழும் கறுப்புப் பட்டை விடுவது, அல்லது அகலத்தை நெருக்கி எல்லோரையும் ஒல்லியாக்குவது.

அந்த மூன்று வழிகளில் மிக மோசமானது மூன்றாவது. ஆனால் பிற்காலத்தில் வீடுகளுக்குள் வந்து உட்கார்ந்தது அதன் மறுபக்கம்தான். தட்டை டிவி வந்தபோது அதன் வடிவம் 16:9. கேசட்டிலிருந்து டிவிடியாக மாற்றிய கல்யாணத்தை அதில் போட்டதும் இரு பக்கமும் கறுப்பு. காசு கொடுத்து வாங்கிய திரையில் கால்வாசி சும்மா கிடக்கிறதே என்று ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தினார்கள். படம் திரை முழுவதும் பரவியது. கணக்குப் பார்த்தால் மணமகள், மணமகன், புரோகிதர், நாதஸ்வரக்காரர் எல்லோரும் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் அகலமாகிவிட்டார்கள். மெலிந்த இருபத்திரண்டு வயதுப் பெண் தன் கல்யாணத்திலேயே பருத்த நடுவயதுக்காரியாகத் தெரிந்தாள். பல குடும்பங்களில் பிள்ளைகள் தங்கள் தாத்தாவை உயிரோடு அசைந்து பார்த்தது அந்த ஒரு கேசட்டில் மட்டும்தான். அவர் முகமே இப்படித்தான் இருந்தது என்று அவர்கள் மனத்தில் பதிந்தது இழுக்கப்பட்ட ஒரு முகம். இதை நான் சின்ன விஷயமாக நினைப்பதில்லை.

இப்போது அதே கேசட்டைக் கைபேசியில் பார்க்கிறோம். கைபேசியை நிமிர்த்திப் பிடித்தபடிதான் பார்க்கிறோம். அங்கே சதுரம் என்ற வடிவம் எப்படி வந்தது என்பதற்குத் தெளிவான வரலாறு உண்டு. 2010 அக்டோபரில் வந்த இன்ஸ்டாகிராம் சதுரப் படத்தைத் தவிர வேறெதையும் ஏற்கவில்லை. 2013 ஜூனில் 15 விநாடி வீடியோவை அனுமதித்தபோதும் சதுரமே. 2015 ஆகஸ்டில்தான் மற்ற வடிவங்களுக்கு வழி விட்டது. அதற்குள் சதுரம் பழகிவிட்டது. நிமிர்ந்த திரையில் 16:9 படம் அகலத்தின் பாதிக்குச் சற்று மேல் உயரமே பிடிக்கும். சதுரமோ அகலம் எவ்வளவோ அவ்வளவு உயரமும் பிடிக்கும். பெற்றோரின் முப்பதாம் கல்யாண நாளுக்கு ஒரு நிமிட வீடியோ போட வேண்டுமென்றால் பிள்ளைகள் இன்றும் கேட்பது பெரும்பாலும் ‘சதுரமா வேணும்’ என்றுதான்.

நான்குக்கு மூன்றைச் சதுரமாக்க அன்றைய மூன்று வழிகளும் இன்றும் இருக்கின்றன. இழுத்தால் இப்போது எல்லோரும் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் உயரமாகிவிடுவார்கள். தட்டை டிவியில் பருத்தவர்கள் கைபேசியில் பனைமரமாக நிற்பார்கள். வெட்டினால் இரு பக்கமும் சேர்த்துப் படத்தில் கால்வாசி போகும். பழைய வீடியோகாரர் மணவறையை முழுக்க அடக்கி எடுத்திருப்பார். அந்தக் கால்வாசியில்தான் பெண்ணின் தாய் மாமனும் மாப்பிள்ளையின் தங்கையும் நிற்பார்கள். கறுப்புப் பட்டை நேர்மையானது. முகத்தையும் ஆட்களையும் அது தொடுவதில்லை. ஆனால் கைபேசியில் மேலும் கீழும் கறுப்போடு வரும் படம் ஏதோ கோளாறில் அப்படி வந்தது போலத் தெரிகிறது.

நான்காவது வழி அன்று வீட்டு வீடியோகாரருக்கு எட்டாத ஒன்று. அதே படத்தின் பிரதி ஒன்றைச் சதுரம் நிரம்பும் வரை பெரிதாக்கி, ஆளே தெரியாத அளவுக்கு மங்கலாக்கி, அடியில் போடுவது. அதன் மேல் உண்மையான படத்தை, விகிதம் கெடாமல், முழுதாக வைப்பது. மேலும் கீழும் மிஞ்சும் இடத்தில் படத்தின் சொந்த நிறங்களே பரவி நிற்கும். மணவறையின் மஞ்சளும் சிவப்பும் ஓரத்திலும் தொடரும்.

ஏன் அன்று எட்டவில்லை? மங்கலாக்குவது என்றால் ஒவ்வொரு புள்ளியையும் சுற்றியுள்ள நூற்றுக்கணக்கான புள்ளிகளோடு சேர்த்துச் சராசரி எடுப்பது. நம் நாட்டின் பால் முறையில் விநாடிக்கு 25 படங்கள். மூன்று மணி நேரக் கேசட்டில் 2,70,000 படங்கள். ஸ்டுடியோக்களில் இருந்த பானாசோனிக் மிக்சர் மொசைக் போடும், படத்தை உறைய வைக்கும், ஒரு காட்சியைத் துடைத்து இன்னொன்றைக் கொண்டுவரும். ஆனால் ஓடுகிற படத்தின் இரண்டு பிரதிகளை வேறுவேறு அளவில் வைத்து, ஒன்றை மட்டும் மங்கலாக்கும் வேலை அதற்கானது அல்ல. பிறகு கணினியில் எடிட்டிங் வந்தபோது முடிந்தது. ஆனால் ‘ரெண்டர்’ போட்டுவிட்டு இரவு முழுக்கக் காத்திருக்க வேண்டும். அதனால் பூப்போட்ட பார்டர் ஒன்றை ஓரத்தில் ஒட்டிவிட்டார்கள். இன்று இன்ஷாட் போன்ற கைபேசிச் செயலியில் 1:1 என்று தேர்ந்தெடுத்து, பின்னணிக்கு மங்கல் என்று தொட்டால் முடிந்தது.

புதிதாகக் கைபேசியில் எடுத்த வீடியோவுக்கு அது போதும். பழைய கேசட்டுக்குப் போதாது. காரணம், அன்றைய டிவி நம் கண்ணிலிருந்து மறைத்த ஒன்று.

குழாய் டிவிகள் படத்தை முழுக்கக் காட்டவில்லை. நாலாபக்கமும் சில விழுக்காட்டைச் சட்டத்துக்குப் பின்னால் தள்ளிவிட்டுத்தான் காட்டின. அந்த மறைவில் பல குறைகள் ஒளிந்திருந்தன. விஎச்எஸ் கேசட்டில் முக்கியமானது அடியோரம். சுழலும் உருளையில் ஒரு ஹெட் படித்து முடித்து அடுத்த ஹெட் படிக்கத் தொடங்கும் இடம் படத்தின் அடிப்பகுதியில் விழும். அங்கே சில வரிகள் கிழிந்து, பக்கவாட்டில் நெளிந்து நிற்கும். இடமும் வலமும் மெல்லிய கறுப்புக் கீற்று இருக்கும். வீட்டில் யாரும் இதைப் பார்த்ததில்லை. கணினியோ கேசட்டில் உள்ள அத்தனை வரியையும் காட்டிவிடுகிறது.

இப்போது மங்கல் நிரப்பின் கணக்கைப் பாருங்கள். சதுரம் 1080க்கு 1080 புள்ளி. நான்குக்கு மூன்று படம் அதில் 1080க்கு 810 ஆக உட்காரும். மேலே 135, கீழே 135 மிஞ்சும். பின்னணிப் பிரதி 1080 உயரத்துக்குப் பெரிதாகியிருக்கிறது. அதன் நடுப்பகுதியை முன்படம் மறைத்துவிடும். ஆகவே கண்ணுக்குத் தெரியும் பின்னணி என்பது மூலப்படத்தின் மேல் எட்டில் ஒரு பங்கும் கீழ் எட்டில் ஒரு பங்கும் மட்டுமே. அதாவது அன்று டிவி மறைத்த ஓரமும் அதை ஒட்டிய இடமும்தான் இன்று பெரிதாகி, நிரப்பாக வந்து நிற்கின்றன. அடியில் ஒரு கீற்று ஓயாமல் துடித்துக்கொண்டே இருந்தால், காரணம் அந்த ஹெட் மாறும் இடம்தான். எவ்வளவு மங்கலாக்கினாலும் துடிப்பு போகாது. கண் முகத்தை விட்டு அங்கேயே போகும்.

எனவே பழைய கேசட்டில் வேலையின் வரிசை மாறுகிறது. முதலில் சுத்தம், பிறகு பிரதி, அதன் பிறகுதான் மங்கல். இந்த வேலைக்கு நான் நம்புவது எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச நிரல். ஃபேப்ரிஸ் பெல்லார்ட் 2000இல் தொடங்கிய அந்த நிரலில் ஒவ்வொரு படியையும் எண்ணாகச் சொல்ல முடியும். அடுத்த கேசட்டுக்கு அதே எண்களைத் திருத்திக்கொள்ள முடியும்.

டிவிடியாக மாற்றிய ஒரு கல்யாண கேசட்டை எடுத்துக்கொள்வோம். கோப்பின் அளவு 720க்கு 576. இதை வகுத்தால் நான்குக்கு மூன்று வராது, ஐந்துக்கு நான்கு வரும். பிழை அல்ல. இந்த முறையில் ஒவ்வொரு புள்ளியும் சதுரமாக இல்லாமல் 16க்கு 15 என்ற கணக்கில் சற்று அகலமாக இருக்கும். அதைக் கணக்கில் எடுக்காத செயலி எல்லோரையும் ஆறு, ஏழு விழுக்காடு ஒல்லியாக்கிவிடும். இழுக்கக் கூடாது என்று இவ்வளவு கவனமாக இருக்கிறவர்கள்கூட இந்த இடத்தில் அறியாமலே இழுத்துவிடுகிறார்கள். அளவு சின்னது என்பதால் கண்ணில் உடனே படாது.

அடுத்தது, படம் இரட்டை வரிசையாக இருக்கும். ஒற்றைப்படை வரிகள் ஒரு நொடித்துளியிலும் இரட்டைப்படை வரிகள் அடுத்த நொடித்துளியிலும் எடுத்தவை. குழாய் டிவி அவற்றை அப்படியே மாற்றி மாற்றிக் காட்டியது. இன்றைய திரை இரண்டையும் சேர்த்துக் காட்டும்போது, மாலை மாற்றும் கையின் ஓரம் சீப்புப் பல்லாகத் தெரியும். அளவை மாற்றுவதற்கு முன் இதைப் பிரித்தாக வேண்டும். மாற்றிய பிறகு பிரிக்கவே முடியாது. பற்கள் படத்தோடு கரைந்து ஒரு நிரந்தரக் கலங்கலாகிவிடும்.

இவ்வளவையும் சேர்த்தால் கட்டளை இப்படி வரும்:

```
ffmpeg -i kalyanam.mpg -filter_complex "
[0:v]bwdif,crop=700:560:10:4,split[a][b];
[a]scale=360:270,crop=270:270,gblur=sigma=8,
eq=brightness=-0.08:saturation=0.7,scale=1080:1080[bg];
[b]scale=1080:810[fg];
[bg][fg]overlay=0:135,setsar=1[v]" \
-map "[v]" -map 0:a -c:v libx264 -crf 18 \
-pix_fmt yuv420p -c:a aac sathuram.mp4
```

`bwdif` இரட்டை வரிசையைப் பிரிக்கிறது. விநாடிக்கு 50 படமாகத் தருவதால் அசைவு கேசட்டில் இருந்த வழவழப்போடு வரும். `crop` ஓரத்தை வெட்டுகிறது: இடமும் வலமும் பத்துப் பத்து, மேலே 4, கீழே 12. கீழே மட்டும் ஏன் அதிகம் என்பது மேலே சொன்னதிலிருந்தே புரியும். 700, 560 என்ற எண்கள் மனம்போன போக்கில் வந்தவை அல்ல. 700ஐ 16ஆல் பெருக்கி 15ஆல் வகுத்து, 560ஆல் வகுத்தால் சரியாக நான்குக்கு மூன்று வரும். கிழிசல் இன்னும் பெரிதாக இருந்தால் உயரத்தைக் குறைத்து, அதை 1.25ஆல் பெருக்கி அகலத்தைக் கண்டுகொள்ளலாம். இரண்டு எண்களும் இரட்டைப்படையாக இருக்கட்டும்.

பின்னணியை முதலில் 270 புள்ளிக்குச் சுருக்கி, மங்கலாக்கி, மறுபடி பெரிதாக்குவதைக் கவனியுங்கள். சுருக்கும்போதே நுணுக்கங்கள் போய்விடுகின்றன. மங்கலாக்கும் வேலை பதினாறில் ஒரு பங்காகிறது. முடிவில் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. எவ்வளவு மங்கல் வேண்டும் என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவு எளிது: நிரப்பில் இருப்பது ஆளா தோரணமா என்று சொல்ல முடியக் கூடாது, நிறம் மட்டும் சொல்ல முடிய வேண்டும். ஆள் உருவம் தெரிந்தால், கீழே மறுபடி ஒரு கூட்டம் அசைவது போல் இருக்கும். சற்று இருட்டாக்கி நிறத்தைக் குறைப்பதும் இதற்காகத்தான். பின்னணி முன்படத்துக்குச் சமமான வெளிச்சத்தில் இருந்தால் முன்படத்தின் ஓரம் எங்கே முடிகிறது என்று கண் தடுமாறும்.

கடைசியில் வரும் `setsar=1` சின்ன வார்த்தை. அதை விட்டால் மொத்த வேலையும் கெடலாம். சில டிவிடிகளில் படம் நான்குக்கு மூன்றாக இருந்தும், உள்ளே 16:9 என்று குறிப்பு எழுதப்பட்டிருக்கும். தட்டை டிவியில் நிரம்பித் தெரிய வேண்டும் என்று மாற்றித் தந்தவர் போட்டிருப்பார். அளவை மாற்றினாலும் அந்தக் குறிப்பு கூடவே ஒட்டிக்கொண்டு வந்து, சதுரக் கோப்பைப் பார்க்கும் நேரத்தில் அகலமாக இழுத்துவிடும். `setsar=1` அந்தப் பழைய குறிப்பை அழிக்கிறது.

எல்லாம் முடிந்த பின் சரிபார்க்க ஒரு வழி. படத்தில் நேராகத் தெரியும் வட்டம் ஒன்றைத் தேடுங்கள். மண்டபச் சுவரில் கடிகாரம், ஊர்வலக் காரின் சக்கரம், நெருங்கி எடுத்த காட்சியில் பெண்ணின் நெற்றிப் பொட்டு. படத்தை நிறுத்தி அதன் அகலத்தையும் உயரத்தையும் திரையில் அளவுகோல் வைத்தே அளந்து பார்க்கலாம். இரண்டும் ஒன்றாக இருந்தால் முகங்களும் சரியாக இருக்கின்றன.

இதற்குப் பிறகும் இரண்டு இடங்களில் இந்தக் கட்டளை திணறும். ஒன்று தேதி. அன்றைய கேமராக்கள் பல, கீழ் மூலையில் தேதியை எரித்துவிடும். பின்னணியில் அது ஒரு வெள்ளைத் திட்டாக நிற்கும். ஓடும் எழுத்துகளும் அப்படியே. இங்கே மங்கலைக் கூட்டிப் பயனில்லை. திட்டு இன்னும் பரவும். மாறாக, பின்னணியை இன்னும் பெரிதாக்க வேண்டும். `scale=360:270` என்பதை `scale=480:360` என்று மாற்றினால், நடுவிலிருந்து வெட்டும் 270 புள்ளிகள் படத்தின் உட்பகுதியிலிருந்து வரும். கீழ் எட்டில் ஒரு பங்கு, தேதியோடு சேர்ந்து, வெளியே போய்விடும். முன்படத்தில் தேதி அப்படியே இருக்கும், இருக்கத்தான் வேண்டும்.

இன்னொன்று தாலி கட்டும் நேரம். நான்கைந்து போட்டோகாரர்கள் ஒரே சமயத்தில் ஃபிளாஷ் அடிப்பார்கள். கேசட்டில் திரை வெளுத்து வெளுத்து மீளும். சதுரத்தில் நிரப்பும் கூடவே வெளுப்பதால் மின்னல் இரட்டிக்கும். கல்யாணத்தின் உச்சமான அந்தக் கணத்தில் முகங்களையே பார்க்க முடியாமல் போகும். மிக்சரில் போட்ட இதய வடிவ எஃபெக்டுகளும் நிறம் மாறும் பின்புலங்களும் இதே தொல்லையைத் தரும். `gblur=sigma=8` என்பதற்குப் பின் `,tmix=frames=15` என்று சேர்த்தால் பின்னணி மட்டும் அடுத்தடுத்த பதினைந்து படங்களின் சராசரியாகிவிடும். விநாடிக்கு 50 படம் என்பதால் இது விநாடியில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. முன்படத்தில் மின்னல் அன்று அடித்தபடி அடிக்கும். ஓரம் மெல்ல ஒளிர்ந்து மெல்ல அடங்கும்.

மங்கல் நிரப்பு எதைச் செய்யாது என்பதையும் சொல்ல வேண்டும். படத்தை அது ஒரு புள்ளிகூடப் பெரிதாக்குவதில்லை. கைபேசியின் அகலத்துக்குள் நான்குக்கு மூன்று படம் எவ்வளவு இருக்குமோ அவ்வளவே இருக்கிறது; சுற்றியுள்ள இடம்தான் நம்முடையதாகிறது. கேசட்டுக்கு இது பொருந்துவதற்குக் காரணம் சதுரத்தில் முக்கால் பங்கு உண்மையான படமாகவே இருப்பது. இன்றைய 16:9 கல்யாண வீடியோவில் அது 56 விழுக்காடாக இறங்கிவிடும். மேலும் கீழும் 236 புள்ளி வெறும் மங்கல். அந்த வீடியோக்களுக்கு முன்படத்தைச் சற்றே பெரிதாக்கி, இரு பக்கமும் ஐந்து விழுக்காடு போல விட்டுக்கொடுப்பது நல்லது என்பது என் கருத்து. யாரும் வெட்டுப்படாத காட்சியில் மட்டும்.

சதுரமும் நிலைக்கவில்லை. இன்ஸ்டாகிராம் பக்கத்தில் படங்களை அடுக்கும் கட்டமே 2025 ஜனவரியில் சதுரத்திலிருந்து மூன்றுக்கு நான்கு என்ற நிமிர்ந்த வடிவத்துக்கு மாறிவிட்டது. ஆகவே சுத்தம் செய்து, வரிசை பிரித்து, நான்குக்கு மூன்றாகவே வைத்த ஒரு கோப்பைத் தனியே சேமித்துக்கொள்ளுங்கள். சதுரத்தை அதிலிருந்து எடுங்கள்; அப்போது கட்டளையின் தொடக்கத்தில் `bwdif,crop=700:560:10:4,` வேண்டாம். நாளை 1080க்கு 1350 கேட்டால் பின்னணியின் அளவும் `overlay` எண்ணும்தான் மாறும்: முன்படம் அதே 810 உயரம், மேலும் கீழும் 270. நிரப்பு அப்போது நாற்பது விழுக்காடு, பார்க்கலாம். முழு நிமிர்ந்த 1080க்கு 1920 கேட்டால் மேலும் கீழும் 555 புள்ளி ஆகிவிடும், படத்தைவிட நிரப்பு அதிகம். அந்த வடிவத்துக்கு நான் பழைய கேசட்டை முழுக் காட்சியாகத் தருவதில்லை. தனி முகங்களை நெருங்கி எடுத்த காட்சிகளை மட்டும் பொறுக்கி, வெட்டித் தருகிறேன்.